குழந்தையின் இதயம் ஆணா பெண்ணா என்று துடிப்பதில்லை



ஸ்கேன் எடுத்துவிட்டு வீடு திரும்பும் கர்ப்பிணியின் கையிலிருந்து அறிக்கையை வாங்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் முதலில் தேடுவது எதை என்று கவனித்திருக்கின்றீர்களா? குழந்தையின் எடையை அன்று. பனிக்குட நீரின் அளவையும் அன்று. FHR என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்கு எதிரே அச்சாகியிருக்கும் எண்ணைத்தான். குழந்தையின் இதயம் நிமிடத்திற்கு எத்தனை முறை துடிக்கின்றது என்பதைக் காட்டும் எண் அது. 140ஐத் தாண்டினால் பெண், தாண்டாவிட்டால் ஆண் என்று ஒரு கணக்கு நம் தெருக்களில் புழங்குகின்றது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத மாமிகூட அந்த ஓர் எண்ணை மட்டும் பிழையின்றி வாசித்துவிடுகின்றார். வாசித்த மறுகணம் அவர் முகத்தில் தோன்றுவது ஒளியா இருளா என்பதைப் பார்த்தபடி நிற்கின்றாள் அந்தப் பெண்.

இதை விளையாட்டு என்று நினைப்பவர்களோடு வழக்காடவே இதனை எழுதுகின்றோம். இது விளையாட்டு அன்று. இந்தக் கணக்குகள் பொய் என்பது பாதிச் செய்திதான். தாயும் சேயும் உடல்நலம் குன்றும்போது வெளிப்படும் அடையாளங்களை ஆண், பெண் என்று மொழிபெயர்த்துக்கொண்டு, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நேரத்தில் வீட்டில் அமர்ந்திருக்கச் செய்துவிடுகின்றன என்பதே மீதிச் செய்தி.

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையூர் ஒன்றில் நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததைச் சொல்கின்றோம். கணவர் துபாயில். முதலிரண்டும் பெண் மக்கள். மூன்றாவது கர்ப்பத்தின் எட்டாவது வாரத்தில் எடுத்த ஸ்கேனில் குழந்தையின் இதயத் துடிப்பு 168 என்று இருந்தது. “இதுவும் பெண்ணுதான்” என்று தெருவே தீர்ப்பளித்துவிட்டது. இருபதாவது வாரத்தில் 146. இன்னமும் 140க்கு மேல்தான். ஆனால் நஞ்சுக்கொடி கருப்பையின் பின்சுவரில் இருப்பதாக அறிக்கை சொல்லவே, “பின்னாடி இருந்தா ஆண்” என்று பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் புதுக்கணக்கு ஒன்றைக் கொண்டுவந்தார். முப்பத்து மூன்றாவது வாரத்தில் 136. அன்று வீட்டில் ஹல்வா கிளறினார்கள்.

ஒரே குழந்தை, ஒரே கருப்பை. எட்டாம் வாரத்தில் பெண்ணாக இருந்தது முப்பத்து மூன்றாம் வாரத்தில் ஆணாக மாறிவிட்டதா? இந்தக் கேள்வியை அந்த வீட்டில் எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விடை எளிது. கருவின் இதயம் ஆறாவது வாரத்தையொட்டித் துடிக்கத் தொடங்கும்போது நிமிடத்திற்கு ஏறத்தாழ நூற்றுப் பத்து முறை துடிக்கும். பின்னர் நாளுக்கு நாள் வேகம் கூடி, ஒன்பதாவது வாரத்தில் 170ஐ ஒட்டிய உச்சத்தைத் தொடும். இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் நரம்புகள் வளர வளர, அந்த வேகம் மெல்ல இறங்கும். பிற்பாதி மாதங்களில் 110க்கும் 160க்கும் இடையே எங்கு நின்றாலும் அது இயல்பு. இந்த ஏற்றமும் இறக்கமும் ஆண் கருவுக்கும் உண்டு, பெண் கருவுக்கும் உண்டு. ஆகவே மூன்று மாதத்திற்குள் ஸ்கேன் எடுத்தால் ஏறக்குறைய எல்லாக் குழந்தையும் “பெண்”. எட்டாம் மாதத்தில் எடுத்தால் பல குழந்தைகள் “ஆண்”. அந்த எண் சொல்வது கருவின் வயதையேயன்றிப் பாலினத்தை அன்று.

வயது மட்டும் அன்று, அந்த நொடியின் நிலையையும் அது சொல்லும். கருவறையில் உறங்கும் குழந்தைக்குத் துடிப்பு சற்றுத் தாழ்ந்திருக்கும்; கைகால் அசைக்கும்போது பத்துப் பதினைந்து கூடும். காலையில் ஒன்றும் மாலையில் வேறொன்றுமாக இருக்கும் எண்ணை வைத்துப் பாலினம் கணிப்பது, ஒருவர் படி ஏறி வந்ததும் நாடியைப் பிடித்துப் பார்த்து அவருடைய பெயரைச் சொல்வது போன்றது. ஆராய்ந்து பார்க்காமலும் இதைச் சொல்லவில்லை. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், 477 கர்ப்பங்களின் தொடக்க மாதத் துடிப்பைக் குறித்துவைத்துப் பிறப்புக்குப் பின் ஒப்பிட்டனர். பெண் கருக்களின் சராசரி 151.7, ஆண் கருக்களின் சராசரி 154.9. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இருந்த சிறு வேறுபாடும் நம் தெருக் கணக்குக்கு நேர் எதிராக இருந்தது!

இப்போது ஆபத்தைக் கவனியுங்கள். எட்டாம், ஒன்பதாம் மாதத்தில் குழந்தையின் துடிப்பு 160க்கு மேலேயே தொடர்ந்து நின்றால், தாய்க்குக் காய்ச்சலோ கிருமித் தொற்றோ உடலில் நீர் வற்றியிருப்பதோ காரணமாக இருக்கலாம். 110க்குக் கீழே தொடர்ந்து நின்றால் குழந்தைக்கு உயிர்க்காற்று போதவில்லை என்ற எச்சரிக்கையாகவும் இருக்கலாம். இந்த இரண்டையும் உடனே மருத்துவர் பார்க்க வேண்டும். நம் கணக்கிலோ முதலாவது “பெண்”, இரண்டாவது “சந்தேகமில்லாத ஆண்”. அந்த எண் எதற்காக அச்சிடப்படுகின்றதோ அந்த நோக்கத்தையே நாம் திருடிவிட்டோம்.

அசைவைப் பற்றிய பேச்சு இதனினும் கொடியது. “ஆண் பிள்ளை உதைக்கும், பெண் பிள்ளை அமைதியாக் கிடக்கும்” என்கின்றனர். ஏழாம் மாதம் கடந்த பிறகு, வழக்கமாக அசையும் குழந்தை ஒருநாள் குறிப்பிடத்தக்க அளவு அசைவைக் குறைத்துக்கொண்டால், அது குழந்தை தளர்கின்றது என்பதற்கான அடையாளமாக இருக்கக்கூடும். அன்றே, இரவாயினும் அப்போதே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கும் செய்தி அன்று அது. “பெண் பிள்ளைதானே, அப்படித்தான் இருக்கும்” என்று ஒரு மூதாட்டி சொல்லும் ஆறுதல், அந்தக் குழந்தைக்குக் கிடைத்திருக்கக்கூடிய சில மணி நேரத்தைப் பறித்துவிடும்.

மசக்கைக்கு வருவோம். புளிப்புக் கேட்டால் ஆண், இனிப்புக் கேட்டால் பெண் என்று ஓர் ஊரில் சொல்வார்கள். அடுத்த ஊரில் அதையே தலைகீழாகச் சொல்வார்கள். அந்த இரண்டு ஊர்களுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் என்ன செய்வார்களோ தெரியவில்லை! கர்ப்ப காலத்தில் நாவின் சுவையும் மூக்கின் மணமும் மாறுவது உண்மை. மாங்காயும் புளியங்காயும் ஆண் பிள்ளையின் தூதர்கள் என்பது பொய். இதில் நாம் அஞ்ச வேண்டியது மாங்காயை அன்று, உணவல்லாதவற்றின் மீது வரும் ஆசையை. பச்சரிசியை அள்ளி அள்ளி மெல்லுதல், சாம்பல், மண், சுவர்ச் சுண்ணாம்பு, ஐஸ்கட்டி ஆகியவற்றைத் தேடித் தின்னுதல் பெரும்பாலும் இரத்தசோகையோடு, குறிப்பாக இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வருவது.

மேலே சொன்ன பெண் ஐந்தாம் மாதத்திலிருந்தே முந்தானையில் பச்சரிசி முடிந்துவைத்துக்கொண்டு மென்றாள். “மூத்த ரெண்டுக்கும் இப்படிக் கேக்கல, இது ஆம்புளப் புள்ளதான்” என்று அவளுடைய உம்மாவே மகிழ்ந்து, அரிசியைப் புடைத்துக் கொடுத்தார். இரும்புச்சத்து மாத்திரையை அந்தப் பெண் இடையில் நிறுத்தியிருந்தாள். மலம் கறுத்துப் போனதைக் கண்டு பயந்ததும், மாத்திரை தின்றால் பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்று யாரோ சொன்னதும் காரணம். மாத்திரை உண்ணும்போது மலம் கறுப்பது இயல்பு. குழந்தையின் நிறத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. எட்டாம் மாதத்தில் படி ஏற மூச்சு வாங்கவே, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்றனர். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 7.9 இருந்தது. கர்ப்பிணிக்கு 11க்குக் குறைந்தாலே சோகை; 7க்குக் கீழே போனால் அது கடுமையான சோகை. ஹல்வா கிளறிய அதே வாரத்தில்தான் இது தெரியவந்தது.

பேறுகாலத்தில் ஓரளவு இரத்தம் எல்லாப் பெண்களுக்கும் போகும். நல்ல இரத்தமுள்ளவள் அரை லிட்டர் வரை இழந்தாலும் தாங்கிக்கொள்வாள். ஏற்கெனவே சோகை பிடித்தவளுக்கு அதே இழப்பு உயிரோடு விளையாடுவதாகிவிடும். அவளுக்கு மாத்திரை போதாது என்று நாளம் வழியாக இரும்புச்சத்து மருந்து பலமுறை ஏற்றினார்கள். சில வாரங்களில் பச்சரிசி ஆசை தானாக அடங்கியது. அரிசி கேட்டது பிள்ளையின் பாலினம் அன்று, அவளுடைய வற்றிய இரத்தம்.

வாந்தியைப் பற்றி நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கடும் வாந்தியால் தொடக்க மாதங்களில் மருத்துவமனையில் சேர்க்கப்படும் அளவுக்குத் துன்புற்ற பெண்களுக்குப் பெண் குழந்தை பிறப்பது சற்றே அதிகம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. எவ்வளவு அதிகம்? 1999இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வொன்றில் அத்தகைய பெண்கள் நூற்றுவரில் ஏறத்தாழ ஐம்பத்தாறு பேருக்குப் பெண். மற்ற நாற்பத்து நால்வருக்கு ஆண். இதை வைத்து ஒரு பெண்ணின் வயிற்றைக் கணிக்க முடியுமா? ஆனால் “பெண் பிள்ளை, அதான் வாந்தி” என்று சொல்லி அவளைப் படுக்கையிலேயே விட்டுவைக்க நம்மால் முடிகின்றது. குடித்த தண்ணீர்கூடத் தங்காமல், சிறுநீர் குறைந்து அடர்நிறமாகி, உடல் எடை இறங்கிக்கொண்டே போனால், அவளுக்குத் தேவை கணிப்பு அன்று. நாளம் வழியாக ஏற்றும் நீர்.

வயிறு கூர்மையா அகலமா, முகம் பொலிந்ததா வாடியதா, நூலில் கட்டிய மோதிரம் வட்டமிட்டதா நேராக ஆடியதா என்பவற்றிற்கெல்லாம் தனித்தனியே விடை எழுத மாட்டோம். வயிற்றின் வடிவம் தாயின் தசை இறுக்கத்தையும் எத்தனையாவது கர்ப்பம் என்பதையும் குழந்தை கிடக்கும் விதத்தையும் பொறுத்தது. மோதிரத்தை ஆட்டுவது பிடித்திருக்கும் விரல்.

“எங்க மாமி சொன்னா சொன்னதுதான், தப்பினதே இல்ல” என்பவர்களுக்கு மட்டும் ஒரு கணக்கு. உலகெங்கும் இயல்பாகப் பெண் குழந்தைகள் நூறு பிறக்கும்போது ஆண் குழந்தைகள் ஏறத்தாழ 105 பிறக்கின்றன. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் கர்ப்பிணிகளிடமும் “ஆண்” என்று சொல்பவர்கூட நூற்றுக்கு ஐம்பத்தொரு முறை வென்றுவிடுவார். வென்றது பல்லாண்டு பேசப்படும்; தோற்ற நாற்பத்தொன்பது, பிள்ளையைப் பார்த்த மகிழ்ச்சியில் மறக்கப்படும். மாமியின் புகழ் இப்படித்தான் வளர்ந்தது.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். குறி சொல்பவனிடம் சென்று கேட்பவனின் நாற்பது நாள் தொழுகை ஏற்கப்படாது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. நாம் ஜோசியரிடம் போவதில்லை என்று பெருமை பேசுகின்றோம். ஆனால் தட்டில் தண்ணீர் ஊற்றி ஓதிப் பார்த்து “ஆண்” என்று சொல்பவரிடம் காணிக்கையோடு நிற்கின்றோம். நம்மவர் தாடி வைத்திருப்பதாலும் அரபு எழுத்தில் எழுதுவதாலும் குறி, குறி அல்லாமல் ஆகிவிடுமா? ஆண் பிள்ளைக்கென்று அவர் கொடுக்கும் சூரணத்தை வாங்கிக் கர்ப்பிணிக்குக் கொடுக்கும் வீடுகளும் இருக்கின்றன. வட மாநிலங்களில் இத்தகைய “ஆண் குழந்தை மருந்து”களை ஆராய்ந்தவர்கள் அவற்றில் பாலின இயக்குநீர்களைக் கண்டுள்ளனர். அவற்றை உண்ட தாய்மாருக்குப் பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளும் இறந்தே பிறக்கும் குழந்தைகளும் மிகுதி என்றும் கண்டுள்ளனர். கருத்தரித்த நொடியிலேயே தீர்ந்துவிட்ட ஒன்றை இரண்டாம் மாதத்துச் சூரணம் மாற்றாது. உருவாகிக்கொண்டிருக்கும் உறுப்புகளை மட்டும் அது சிதைக்கக்கூடும்.

அந்த நொடியில் என்ன தீர்கின்றது? தாயின் முட்டையில் எப்போதும் எக்ஸ் என்ற ஒரே வகைப் பாலினக் குரோமோசோம்தான் உண்டு. தந்தையின் விந்தணுக்களில் ஏறத்தாழ பாதி எக்ஸ், பாதி ஒய். எக்ஸ் சேர்ந்தால் பெண், ஒய் சேர்ந்தால் ஆண். எது முந்திச் சேரும் என்பது தந்தையின் விருப்பத்திலும் இல்லை, தாயின் உணவிலும் இல்லை. சிந்தப்படும் துளியிலிருந்து ஆண், பெண் என்ற இணையை அவனே படைத்ததாக அந்நஜ்ம் அத்தியாயம் (53:45-46) கூறுவதை ஓதிக்கொண்டே, “பொட்டப் புள்ளையாப் பெத்துப் போடுறா” என்று மருமகளைப் பழிப்பவர் எந்தக் குர்ஆனை ஓதுகின்றார்?

பெண் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்து, மக்களை விட்டு ஒளிந்து திரிந்த அறியாமைக் காலத்து மனிதனை அந்நஹ்ல் அத்தியாயம் (16:58-59) படம்பிடித்துக் காட்டுகின்றது. அன்று அந்த முகம் பிறந்த பிறகு கறுத்தது. இன்றோ ஸ்கேன் அறிக்கையைப் பார்த்த எட்டாவது வாரத்திலேயே கறுத்துவிடுகின்றது. இதுதான் நாம் கண்ட முன்னேற்றம்! இரண்டு பெண் மக்களைப் பருவமடையும்வரை பேணி வளர்த்தவர் மறுமையில் தம்மோடு இப்படி இருப்பார் என்று தம் விரல்களைச் சேர்த்துக் காட்டிய நபியின் உம்மத் நாம்.

ஆனால் மார்க்கச் சான்றுகளை அடுக்கிவிட்டு நகர்ந்துவிட்டால் நாமும் நேர்மையற்றவர்களாவோம். முகம் ஏன் கறுக்கின்றது? மேற்சொன்ன வீட்டில் மகளை அதிகம் நெருக்கியவர் மாமியார் அல்லர், பெற்ற உம்மாதான். அந்தக் கடற்கரையூர்களில் பெண்ணுக்கு மணமுடித்தால் அவளுக்கென்று ஒரு வீடு கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை அந்த வீட்டிற்கு வருவார். இரண்டு பேத்திகளுக்கு இரண்டு வீடு என்று கணக்குப் போட்டே அந்த உம்மாவின் உறக்கம் போய்விட்டது. மூன்றாவது வீட்டுக்கு மனையும் இல்லை, பணமும் இல்லை. வீடு கொடுக்கும் வழக்கமில்லாத ஊர்களில் அந்த இடத்தில் நகையும் கைக்கூலியும் இருக்கின்றன. ஆண் மணமகளுக்கு மஹர் கொடுக்க வேண்டிய மார்க்கத்தில், பெண் வீட்டாரிடம் பட்டியல் கொடுக்கும் வழக்கத்தைப் புகுத்திய ஜமாஅத்தார்தாம் அந்த 168ஐப் பயங்கரமான எண்ணாக ஆக்கியவர்கள். மகனுக்கு மணம் பேசும்போது வாங்கிக்கொண்டு, மகளுக்குப் பெண் பிள்ளை பிறக்கும்போது அழுவதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

சட்டத்தையும் தெரிந்துகொள்வது நன்று. 1994ஆம் ஆண்டின் பி.சி.பி.என்.டி.டி. சட்டத்தின்படி, கருவின் பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ வேறெந்த வகையாலோ தெரிவிப்பது இந்தியாவில் குற்றம். பாலினம் அறிந்து தேர்வு செய்யும் நோக்கில் நாடிச் செல்லும் உறவினரையும் மூன்றாண்டுவரை சிறையும் ஐம்பதாயிரம் ரூபாய்வரை அபராதமும் காத்திருக்கின்றன. அதன் 24ஆவது பிரிவு நம் பெண்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. கர்ப்பிணி இத்தகைய சோதனைக்கு உட்பட்டிருந்தால், மாற்றாக நிறுவப்படும்வரை, அவளுடைய கணவனோ உறவினரோதான் அவளைக் கட்டாயப்படுத்தினர் என்றே நீதிமன்றம் கொள்ளும். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் குடும்பங்கள், அங்கே மருத்துவர் சொல்வதை உடனே ஊருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுகின்றன. அறிவது அங்கே குற்றமில்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தச் செய்தி ஊர் வந்து சேர்ந்ததும், மீதமிருக்கும் நான்கைந்து மாதங்களை அந்தப் பெண் எந்த முகங்களுக்கு நடுவே கழிக்கப்போகின்றாள் என்பதைச் சொல்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நெருக்கடியை எதிர்கொள்வது எப்படி என்று சகோதரிகள் கேட்கின்றனர். அதற்கான முதல் பொறுப்பைச் சகோதரிகளின் தலையில் வைக்க நாம் விரும்பவில்லை. அது கணவனுடையது. தன் உம்மாவிடம் தான் பேச வேண்டியதை மனைவியைப் பேசவைப்பவன், இரு பெண்களையும் மோதவிட்டு ஒதுங்கிக்கொள்பவன். வெளிநாட்டில் இருப்பது இதற்குத் தடையன்று. “உம்மா, ஆணா பெண்ணாங்கிறது என்கிட்டேர்ந்து போன சங்கதி. கேக்கிறதா இருந்தா என்கிட்ட கேளுங்க, அவள்ட்ட கேக்காதீங்க” என்று ஒருமுறை மரியாதையோடு சொல்லிவிட்டால் பாதிப் பேச்சு நின்றுவிடும். மாமியிடம் குரல் உயர்த்த வேண்டியதில்லை. மாமியின் கவலைக்கு உரிய வேறொரு வேலையை அவரிடம் கொடுக்கலாம்: மாத்திரை உண்டாளா, பிள்ளை அசைகின்றதா என்று பார்த்துக்கொள்ளும் வேலை. பேரப் பிள்ளை மீது உண்மையான அன்பு அவருக்கு உண்டு. அது தவறான எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றது, அவ்வளவே.

ஸ்கேன் அறிக்கை கணவன் மனைவி இருவருடைய ஆவணம். கூடத்தில் கைமாறிக் கைமாறிச் செல்லும் மணவோலை அன்று. கோப்பில் வைத்து மூடுங்கள். “என்ன சொன்னாங்க?” என்று கேட்போரிடம் “பிள்ளை நல்லா இருக்கு, எடை சரியா இருக்கு, அல்ஹம்துலில்லாஹ்” என்பது முழுமையான, உண்மையான விடை. அந்த எண்ணைப் பற்றி ஐயம் வந்தால் தெருவில் கேட்காமல் மருத்துவரிடம் கேளுங்கள்: “இந்த வாரத்திற்கு இந்தத் துடிப்பு இயல்பா?” இந்த ஒரு கேள்வியை மருத்துவர் நிச்சயம் வரவேற்பார். ஊசி போட வரும் கிராம சுகாதாரச் செவிலியரைச் சற்று நேரம் அமரவைத்து, மாமியும் உம்மாவும் கேட்கும்படி, சோகையைப் பற்றியும் அசைவைப் பற்றியும் சொல்லச் செய்யுங்கள். மருமகள் சொன்னால் வாயாடி என்பவர்கள், செவிலியர் சொன்னால் கேட்பார்கள்.

எல்லா வீட்டிலும் இது பலிக்கும் என்று நாம் சொல்லவில்லை. பேச்சு ஏச்சாகி, ஏச்சு “தலாக்” என்ற மிரட்டலாகவோ, கருவைக் கலைக்கச் சொல்லும் வற்புறுத்தலாகவோ மாறும் வீடுகளில் பொறுமையை உபதேசிப்பது பாவம். அங்கே பெண் தன் வாப்பாவிடமோ சகோதரனிடமோ உடனே சொல்ல வேண்டும். அவர்கள் “அனுசரிச்சுப் போ” என்று திருப்பி அனுப்பாமல் மகளின் பக்கம் நிற்க வேண்டும். 181 என்ற மகளிர் உதவி எண்ணும் இருக்கின்றது.

அந்தப் பெண்ணுக்குப் பேறு காலம் வந்தபோது ஹீமோகுளோபின் 10.2 ஆக உயர்ந்திருந்தது. சுகப்பிரசவம். இரண்டு கிலோ எண்ணூறு கிராமில் பெண் குழந்தை. ஹல்வா கிளறியவர்கள் வாயடைத்து நின்றபோது, துபாயிலிருந்த கணவர் தொலைபேசியில் தன் மாமியாரை அழைத்துப் பேசினார். மூன்றாவது மகளுக்கு வீடு கேட்டு வரும் மாப்பிள்ளை எவராயினும் அவருக்குப் பெண் கொடுக்கப்போவதில்லை. ஆகவே மனை தேட வேண்டாம் என்றார். அந்த உம்மா பதில் ஒன்றும் சொல்லவில்லையாம். ஏழாம் நாள் அகீகாவுக்கு ஆடு அறுத்தபோது, பேத்தியை மடியை விட்டு இறக்காமல் வைத்திருந்தவர் அவர்தான் என்று பிறகு கேள்விப்பட்டோம்.